டிடாக்ஸ் முடித்து வந்தவருக்கு நால்ட்ரெக்சோனா, அகாம்ப்ரோசேட்டா?

கேள்வி: "ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். டிடாக்ஸ் முடித்து வருகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். நால்ட்ரெக்சோன் யாருக்கு, அகாம்ப்ரோசேட் யாருக்கு? தொடங்கிய பிறகு எதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்? மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் நாமே கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வான 'கம்பைன்' 1383 பேரைப் பதினாறு வாரம் பின்தொடர்ந்தது. அதில் நால்ட்ரெக்சோன் வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தனியாக மனநல ஆலோசனை எதுவும் கிடையாது. மருத்துவரோ செவிலியரோ ஒன்பது முறை பார்த்தார்கள், மாத்திரை சாப்பிட்டாரா, குடித்தாரா, பக்கவிளைவு உண்டா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கும் நல்ல பலன் இருந்தது. அந்த வேலை நம் ஓபியில் நடக்கக்கூடியது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு மருந்துகளையும் மதுச் சார்புக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தும் விட்டது.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்தான குழப்பம் நடக்கிறது. இந்த இரண்டு மருந்துகளும் விலகல் அறிகுறிகளுக்கானவை அல்ல. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு நேற்றுதான் குடியை விட்டேன் என்று வருகிறவருக்கு நால்ட்ரெக்சோன் எழுதி வீட்டுக்கு அனுப்பினால் அவர் வலிப்போடு திரும்பி வருவார். அவருக்குத் தேவை பென்சோடயாசெபினும் தயமினும். விலகல் அடங்கிய பிறகு, மறுபடி குடிக்காமல் இருக்க உதவத்தான் இவை.

சரி, எது யாருக்கு. எது சிறந்த மருந்து என்று கேட்பதைவிட, எது எதைத் தடுக்கிறது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். குடித்தால் வரும் இன்பத்தில் ஒரு பங்கு உடலின் ஓபியாய்டு ஏற்பிகள் வழியாக வருகிறது. நால்ட்ரெக்சோன் அதை அடைத்துவிடுவதால் முதல் கிளாஸ் ருசிக்காமல் போகிறது, முதல் கிளாஸ் முழு பாட்டிலாக மாறுவது குறைகிறது. அகாம்ப்ரோசேட் வேறு மாதிரி. நீண்ட நாள் குடித்த மூளை குடியை விட்ட பின் பல வாரங்கள் ஒரு கொதிநிலையிலேயே இருக்கும். எரிச்சல், தூக்கம் வராமை, காரணமில்லாத பதற்றம். குளூட்டமேட் சமநிலையைச் சீராக்கி அந்தக் கொதிப்பை அது தணிப்பதாகக் கருதப்படுகிறது. அதனால் முதல் கிளாஸையே எடுக்காமல் இருக்க அது உதவுகிறது.

எண்களும் இதையே சொல்கின்றன. 118 ஆய்வுகளைச் சேர்த்து 2023-ல் ஜாமா இதழில் வந்த பகுப்பாய்வில், ஒரு துளிகூடக் குடிக்காமல் இருக்க வைப்பதில் அகாம்ப்ரோசேட்டுக்கு 11 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன், நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராமுக்கு அதே பலனுக்கு 18 பேர். ஆனால் பெருங்குடிக்குத் திரும்புவதைத் தடுப்பதில் நால்ட்ரெக்சோனுக்கு 11 பேருக்கு ஒருவர். பெருங்குடி என்றால் ஆண்களுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 70 கிராம் ஆல்கஹாலோ அதற்கு மேலோ. நம் ஊரில் 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் இருக்கிறது, ஆக ஒரு குவார்ட்டருக்கு மேல் போனாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்.

எனவே நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது, "முழுசா நிறுத்தணுமா, குறைக்கணுமா?" முழுசா நிறுத்தியிருக்கிறேன், தொடாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு அகாம்ப்ரோசேட் நன்றாகப் பொருந்தும், அதுவும் சில நாட்களாவது குடிக்காமல் இருந்த பிறகு தொடங்கினால். இன்னும் அவ்வப்போது குடிக்கிறேன், ஆனால் ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை என்பவருக்கு நால்ட்ரெக்சோன். அவர் முழுதாக நிறுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை, விலகல் ஆபத்து இல்லையென்றால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம். கம்பைன் ஆய்வில் அகாம்ப்ரோசேட்டுக்குத் தனிப்பலன் தெரியவில்லை என்பதை வைத்து அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அங்கே சேர்ந்தவர்களுக்கு நான்கு நாள் குடிக்காமல் இருந்தாலே போதும் என்பது விதி. பலன் தெரிந்த ஐரோப்பிய ஆய்வுகளில் பலர் மருத்துவமனையில் டிடாக்ஸ் முடித்து வந்தவர்கள். நீங்கள் கேட்கும் நோயாளிகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள்.

விருப்பத்துக்கு அடுத்தது உடம்பு. கல்லீரல், சிறுநீரகம், ஓபியாய்டு, இந்த மூன்றும்தான் தேர்வை முடிவு செய்யும். மூன்றிலும் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது கடைசிதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் 26 வயதுப் பையனை அவன் அம்மா அழைத்துவந்தார். குடிதான் பிரச்சினை என்றார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன், இல்லை என்றான். நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு, கண்மணி விரிந்து, பெஞ்சில் உருண்டுகொண்டிருந்தான். டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அதை எப்படிச் சொல்வான்? சலைன், ஆன்டான்செட்ரான், ரத்த அழுத்தம் பார்த்துக் குளோனிடின் என்று மறுநாள் வரை வைத்துச் சமாளித்தோம். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அதிலிருந்து இந்தக் கேள்வியை ஆளைத் தனியாக வைத்துத்தான் கேட்கிறேன், அதுவும் பெயர் சொல்லி: இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை எது, அட்டையைக் காட்டுங்கள், இருமல் மருந்து குடிக்கிறீர்களா, ஊசி போடுகிறீர்களா. டிராமடால், டேபென்டடால், கோடீன், பியூப்ரினார்ஃபின் எல்லாம் இதில் வரும். சிறுநீர்ப் பட்டையில் ஓபியேட் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், சாதாரணப் பட்டை டிராமடாலையும் டேபென்டடாலையும் பிடிக்காது. கடைசி ஓபியாய்டுக்குப் பின் ஏழு முதல் பத்து நாள் இடைவெளி வேண்டும், மெதடோன், பியூப்ரினார்ஃபின் என்றால் இரண்டு வாரம் வரை. ஓபியாய்டுக்கே அடிமையானவர் என்று தெரிந்தால் அவரை அடிமை மீட்பு மையத்துக்கு அனுப்புங்கள், அதை நாம் கையாள வேண்டாம்.

கல்லீரல் விஷயத்தில் பயம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. நால்ட்ரெக்சோன் லேபிளில் கட்டமிட்டு இருந்த கல்லீரல் நச்சு எச்சரிக்கை 2013-ல் அமெரிக்காவில் நீக்கப்பட்டுவிட்டது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டு மடங்கு கூடியிருப்பது குடிப்பவருக்கு இயல்பு, அதைக் காரணம் காட்டி மருந்தை மறுத்தால் அந்தக் கல்லீரலைக் கெடுக்கிற குடியைத்தான் தொடர விடுகிறோம். நான் தயங்குவது எங்கே என்றால், என்சைம் ஐந்து மடங்குக்கு மேல், அல்லது மூன்று மடங்கோடு பிலிருபினும் கூடியிருந்தால், மஞ்சள் காமாலை இருந்தால், வயிற்றில் நீர் கோர்த்திருந்தால். அப்படிப்பட்டவருக்கு நால்ட்ரெக்சோன் வேண்டாம். அகாம்ப்ரோசேட் கல்லீரலில் சிதைவதில்லை என்பதால் அது வசதியான மாற்று, ஆனால் நீர் கோர்த்து, குழப்பமாகப் பேசும் நிலைக்குப் போன சிரோசிஸ் நோயாளியை நாமாக எதையும் தொடங்காமல் மேலே அனுப்புவதே நல்லது. காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு சாப்பிடுகிறவரும் நம்மிடம் நிறைய வருவார். அவருக்கும் நான் அகாம்ப்ரோசேட் பக்கமே போவேன். பிறகு என்சைம் ஏறினால் எந்த மருந்தால் என்ற குழப்பம் வேண்டாம்.

அகாம்ப்ரோசேட்டுக்குப் பிரச்சினை சிறுநீரகம். அது மாற்றமில்லாமல் சிறுநீரில் வெளியேறுகிறது, கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே இருந்தால் கூடவே கூடாது, 30 முதல் 50 வரை என்றால் பாதி அளவு, அதாவது 333 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வீதம் மூன்று வேளை. இங்கே கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 46 வயது, 54 கிலோ, கிரியாட்டினின் 1.5 என்று ஒருவர். "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுத்துப் பாருங்கள், பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்குங்கள். இவருக்கு 47 வருகிறது. பாதி அளவுதான் கொடுக்க வேண்டும். நம் நோயாளிகளில் ஒல்லியானவர்கள் அதிகம் என்பதால் இந்தக் கணக்கை ஒவ்வொருவருக்கும் போடுங்கள்.

இனி ஒரு நோயாளியை முழுசாகச் சொல்கிறேன், அப்போதுதான் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று புரியும்.

44 வயது, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், எடை 52. பன்னிரண்டு வருடமாகக் காலையில் ஒரு குவார்ட்டர், மாலையில் ஒன்றோ இரண்டோ. தாலுகா மருத்துவமனையில் டிடாக்ஸ் முடித்து எட்டாவது நாள் மனைவியோடு வந்தார். இனிமேல் தொடவே கூடாது என்பது அவர் முடிவு. எஸ்ஜிஓடி 132, எஸ்ஜிபிடி 58, பிலிருபின் 1.2, ஆல்புமின் 3.8, ஜிஜிடி 310, கிரியாட்டினின் 1.0. கணக்குப் போட்டால் கிளியரன்ஸ் 69, சிறுநீரகம் சரி. கல்லீரல் எண்கள் நால்ட்ரெக்சோனைத் தடுக்கவில்லை. மனைவியை வெளியே உட்காரச் சொல்லிக் கேட்டபோது பாக்கெட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார், டிராமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை, தினம் இரண்டு, இடுப்பு வலிக்கு.

அப்போதே நால்ட்ரெக்சோன் கிடையாது என்று ஆகிவிட்டது. டிராமடாலை நிறுத்தச் சொன்னேன். அது வலிப்பைத் தூண்டக்கூடியது, குடியை விட்ட புதிதில் அதுவே ஒரு ஆபத்து. வலிக்கு வெறும் பாராசிட்டமால், நாளுக்கு இரண்டு கிராமைத் தாண்டாமல். அகாம்ப்ரோசேட்டை அன்றே தொடங்கினேன், அதற்கு ஓபியாய்டோடு சண்டை இல்லை. வழக்கமான அளவு மூன்று வேளையும் இரண்டிரண்டு, மொத்தம் ஆறு. ஐரோப்பிய நடைமுறையில் 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்குக் காலையில் இரண்டு, மதியம் ஒன்று, இரவு ஒன்று என நான்கு. அமெரிக்க லேபிளில் எடைக் கணக்கு இல்லை. 52 கிலோ ஆளுக்கு நான் நான்குதான் கொடுத்தேன். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது என்று சொல்லுங்கள். முதல் வாரம் வயிறு இளகிப் போகும், பெரும்பாலும் தானே சரியாகும், அதற்காக நிறுத்த வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ரத்தத்தில் அளவு நிலைபெறவே ஐந்து நாள் ஆகும் என்பதால் "ரெண்டு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல" என்பதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் வாராவாரம் வரச் சொன்னேன். வந்தால் ஐந்து நிமிடம்: எத்தனை நாள் குடித்தீர்கள், எவ்வளவு, தூக்கம் எப்படி, மனசு எப்படி, வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றியதா, அட்டையைக் காட்டுங்கள். தற்கொலை எண்ணத்தைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள், குடியை விட்ட முதல் மாதங்களில் சோர்வு வெளிப்படும், அகாம்ப்ரோசேட் லேபிளிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. அட்டையைப் பார்ப்பது இன்னொரு காரணத்துக்காக. இவருடைய அட்டையில் நான்காவது வாரம் பாதிக்கு மேல் மதிய மாத்திரைகள் அப்படியே இருந்தன. வேலையிடத்தில் எல்லோர் முன்னும் மாத்திரை போடக் கூச்சம். அகாம்ப்ரோசேட் தோற்றது என்று எழுதும் முன் அது உள்ளே போனதா என்று பாருங்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு துக்க வீட்டில் குடித்துவிட்டார். ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்து இரண்டு நாள் ஓடியது. வெட்கத்தில் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான நோயாளிகளை நாம் இழக்கிறோம். முதல் நாளே சொல்லியிருந்தேன்: குடித்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், குடித்த மறுநாளே வாருங்கள், திட்ட மாட்டேன். அகாம்ப்ரோசேட் சாப்பிடும்போது குடித்தால் ஆபத்தான எதிர்வினை வராது, நால்ட்ரெக்சோனுக்கும் அப்படித்தான். ஊரில் இரண்டையும் டைசல்ஃபிராமோடு குழப்பிக்கொள்கிறார்கள். குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுவது அதில்தான். யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை கேட்டுக் குடும்பத்தினர் வருவார்கள். எந்த மாத்திரையாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். டைசல்ஃபிராம் என்றால் உயிர் போகும், நால்ட்ரெக்சோன் என்றால் அந்தப் பையனுக்கு நடந்தது நடக்கும்.

திரும்பி வந்தபோது விலகல் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்தோம், இரண்டு நாள் குடி என்பதால் பெரிதாக இல்லை. ஆனால் இரண்டு விஷயம் இப்போது தெளிவாகியிருந்தது. மூன்று வேளை இவருக்கு ஒத்துவராது, முதல் கிளாஸ் எடுத்தால் இவரால் நிற்க முடியாது. டிராமடால் விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மறுபடி தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எஸ்ஜிஓடி 61-க்கு இறங்கியிருந்தது. நால்ட்ரெக்சோனுக்கு மாற்றினேன், நான்கு நாள் 25 மில்லிகிராம், பிறகு 50, இரவுச் சாப்பாட்டுக்குப் பின். முதல் மாத்திரையை மட்டும் காலையில் என் ஓபியிலேயே போட வைத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். நான்கு நாள் குமட்டல், லேசான தலைவலி, பிறகு இல்லை. மனைவி பார்க்கச் சாப்பிடலாமா என்று அவரிடமே கேட்டேன், சரி என்றார். அவருடைய சம்மதத்தோடு நடக்கும்வரை இது நன்றாக வேலை செய்யும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கம்பைன் ஆய்வில் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை, மாத்திரை எண்ணிக்கைதான் கூடும். நான் ஒன்றைச் சரியாகச் சாப்பிட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு மாறுவேன்.

நால்ட்ரெக்சோன் தொடங்கியவருக்கு எல்எஃப்டி ஒரு மாதத்தில், மூன்றாம் மாதத்தில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது என் வழக்கம். அகாம்ப்ரோசேட் என்றால் வயதானவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின், கடும் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து நீர்ச்சத்து குறைந்தால் உடனே. நடுவில் என்சைம் ஏறினால் முதலில் மருந்தைச் சந்தேகிக்காமல் குடியைச் சந்தேகியுங்கள். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்காக இருந்து ஜிஜிடியும் கூடவே ஏறினால் அநேகமாகக் குடிதான். ஜிஜிடி குடியை விட்டால் சில வாரங்களில் பாதியாக இறங்கும், ஆனால் ஃபெனிட்டாயினும் ரிஃபாம்பிசினும் அதைத் தாமாகவே ஏற்றும். எண்ணை நோயாளியிடம் காட்டுங்கள். இவருக்கு 310 மூன்றாம் மாதம் 96 ஆனதைக் காட்டியபோது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எவ்வளவு நாள்? குறைந்தது ஆறு மாதம், நன்றாகப் போனால் ஒரு வருடம். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் நான்கு முதல் ஆறு வாரத்தில் குடி கொஞ்சமும் குறையவில்லை என்றால் அதை விட்டு மற்றதற்குப் போங்கள், அல்லது அனுப்புங்கள்.

நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறவர் பாக்கெட்டில் ஒரு சீட்டு இருக்க வேண்டும், மருந்தின் பெயரோடும் உங்கள் எண்ணோடும். விபத்தில் அடிபட்டு வந்தால் வழக்கமான ஓபியாய்டு வலி நிவாரணி வேலை செய்யாது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சு அடங்கும் ஆபத்தும் உண்டு. இவருக்கு ஏழாம் மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சை வந்தது. சர்ஜனுக்கும் மயக்க மருத்துவருக்கும் கடிதம் எழுதி, மூன்று நாள் முன்பே நால்ட்ரெக்சோனை நிறுத்தினோம். அந்த இடைவெளியில் வெறுமனே விட மனமில்லை, அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே அகாம்ப்ரோசேட் நான்கு மாத்திரை ஆரம்பித்திருந்தோம். வீட்டில் படுத்திருந்ததால் மதிய மாத்திரைக்குச் சிக்கல் இல்லை. கடைசி ஓபியாய்டு ஊசிக்குப் பின் ஒரு வாரம் கழிந்து, வேறு வலி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்று அட்டைகளைப் பார்த்து, மறுபடி 25-ல் தொடங்கினோம்.